இரண்டு முதல் நான்கு வரை அமைதி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது ஊருக்கே தெரியும். ராயபுரத்தில் கப்பல் சரக்கு பார்க்கும் ஒரு ஆபீசில் பதினோரு வருஷம் டைப் அடித்தவள் நான். அங்கே மேனேஜர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் ஒற்றுப் பிழை இருந்தால் நானே திருத்திவிட்டு, "தமிழை ஏன் சார் கொலை பண்றீங்க" என்று கேட்டும் விடுவேன். அந்த ஆபீஸ் மூடியபிறகுதான் திருவொற்றியூரில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த யாத்ரீகர் விடுதிக்கு வேலைக்கு வந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. கீழே எட்டு அறை, மாடியில் எட்டு அறை, பின்பக்கம் தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை. எனக்கு ஒரு மேசை, ஒரு பேரேடு, சாவிக்கொத்து. தர்ம விடுதி என்பதால் வருகிறவர்கள் பெரும்பாலும் எளிய ஜனங்கள். செய்யாறு, வந்தவாசி, போளூர் பக்கத்திலிருந்து துணி மூட்டையும் அடுப்பும் சுமந்துகொண்டு வருவார்கள்.

நான் வந்து சேர்ந்த முதல் நாளே என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது சுவர்தான். எங்கே பார்த்தாலும் கறுப்பு பெயின்ட்டில் எழுத்து. "செருப்பு போடாதே." "துப்பாதே." "சமைக்காதே." "கத்தாதே." கடைசியில் இருந்த "கத்தாதே" மட்டும் ஒரு முழம் உயரம். சாமி கும்பிட வந்த மனுஷனை இப்படியா வரவேற்பது? ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "நாங்க என்ன மாடா தாயி?" என்று என்னிடமே கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுதியவள் நானில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் மனசில்லை.

அறங்காவலர் ஒருவரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். "எல்லாத்தையும் அழிச்சிட்டு மரியாதையா, சுலபமான தமிழ்ல எழுதப் போறேன் சார். படிச்சா கோபம் வரக்கூடாது, வெட்கமும் வரக்கூடாது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "செய்யுங்கம்மா, உங்ககிட்ட யாரு பேசி ஜெயிக்கிறது" என்றார்.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அடித்தேன், திருத்தினேன், வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் குட்டையாக்கினேன். அந்த அறிவிப்புகள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். மறக்க முடிந்தால் நல்லது, முடியவில்லை.

மாடிப்படி அடியில்: "காலணிகளை இந்த மரத்தட்டில், உங்கள் அறை எண் எழுதிய இடத்தில் வைக்கவும்."

குளியல் அறைக் கதவில்: "குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர். உப்பாக இருக்கும். குளிக்க மட்டும் பயன்படுத்தவும். தரை வழுக்கும். வாசலில் உள்ள ஊதா ரப்பர் செருப்பை அணிந்து உள்ளே செல்லவும். குளித்தபின் செருப்பை வாசலிலேயே விடவும்."

இந்த ஊதாச் செருப்பு என் மூளையில் உதித்த யோசனை. மாடியில் எட்டு அறைக்கும் சேர்த்து, நடையின் கோடியில் இருந்தது ஒரே குளியல் அறை. செருப்பு வாசலில் இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். செருப்பு இல்லை என்றால் காத்திருக்க வேண்டும். யாரும் கதவை இடிக்க வேண்டாம், உள்ளே இருக்கிற பொம்பளைகள் கூச்சப்பட வேண்டாம். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

மாடி நடையில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் பெரிய பலகை: "தங்கும் அறைகளில் அடுப்பு மூட்டாமல் ஒத்துழைக்க அன்புடன் வேண்டுகிறோம். சமையல் கொட்டகையைப் பயன்படுத்தவும். புகை அடுத்தவர்களுக்குத் தொந்தரவு தராமல் பார்த்துக்கொள்ளவும்."

அதற்குக் கீழே: "பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை அமைதி காக்கவும். இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்கள் உறங்கும் நேரம் இது. உரக்கப் பேசுவதையும் கதவைத் தட்டுவதையும் தவிர்த்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்."

மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் அந்த நேரம்.

பலகை எழுத வந்தவர் தண்டையார்பேட்டை பாய். லாரிக்கு நம்பர் எழுதுவது, கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுவது என்று அந்தப் பக்கம் முழுக்க அவர் கையெழுத்துதான். என் காகிதத்தைக் கையில் வாங்கி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார்.

"இன்னாம்மா இது, மாமியாருக்கு லெட்டர் எழுதுன மாதிரி கீது? 'சமைக்கக் கூடாது'ன்னு ஒரே வார்த்தைல போட்டா முடிஞ்சிபூடும்."

"கூடாதுன்னு அதட்ட வேணாம் பாய். காரணம் சொல்லிக் கேட்டா ஜனங்க கேப்பாங்க."

"கேப்பாங்க, கேப்பாங்க. நம்ம ஜனம் போர்ட படிச்சி அப்புடியே நடந்துக்கினு கீறாங்களா இன்னா? சரி, உன் இஷ்டம். எழுத்து நல்லா வரணும், அத்தான் எனக்கு."

எழுத்து அழகாக வந்தது. வெள்ளைப் பலகை, நீல எழுத்து. படித்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நான் வானத்தில் மிதந்தேன்.

பாய் சொன்னதில் ஒன்று தப்பு. பலகையைப் படித்து அப்படியே நடந்துகொள்கிற ஜனங்களும் இருக்கிறார்கள்.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள், திருவொற்றியூர்க் கோயிலில் சாமிக்குக் கவசம் திறப்பார்கள். வருஷத்தில் அந்த மூன்று நாள்தான். விடுதியில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வருஷம் மழை வேறு பிய்த்துக்கொண்டு கொட்டியது. இரண்டாம் நாள் காலை ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு அறுபது இருக்கும், மகளுக்கு முப்பது. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். கையில் துணி மூட்டை, ஒரு குமுட்டி அடுப்பு, சின்னச் சாக்கில் அடுப்புக்கரி. தாய்க்கு வயிற்றில் புண், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, கஞ்சி மட்டும்தான் என்று மகள் சொன்னாள். "கொட்டகையில வெச்சுக் காய்ச்சிக்கலாம்மா" என்று நான்தான் சொன்னேன். மாடியில் ஆறாம் எண் அறையைக் கொடுத்தேன்.

அந்த மகளை எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது. மற்றவர்கள் பலகையை ஏறிட்டும் பார்க்காமல் செருப்போடு மாடி ஏறுவார்கள். இவள் படிக்கட்டு அடியில் நின்று, விரலை எழுத்தின்மேல் ஓட்டிப் படித்து, ஆறாம் எண் இடத்தில் இரண்டு ஜோடிச் செருப்பையும் நேராக வைத்தாள். மேலே போய் பெரிய பலகையின் முன்னால் நின்று, எழுத்துத் தெரியாத தாய்க்கு ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். தாய் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டியது. நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் தமிழ் இன்னொருவர் வாயில் வருவதைக் கேட்க எவ்வளவு இன்பமாக இருந்தது, சனியனே!

அன்று பகல் கொட்டகைக்குள் மழைத் தண்ணீர் ஏறிவிட்டது. தகரம் நாலு இடத்தில் ஒழுகியது. ஒழுகாத மூலையை ஒரு பெரிய கூட்டம் அண்டாவோடு பிடித்துக்கொண்டது. இந்த மகள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேரேட்டில் குனிந்துகொண்டேன். வேறு இடம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. நானும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு மேல், விடுதியைப் பெருக்கிக் கழுவுகிற வியாசர்பாடிக்காரி என் மேசைக்கு வந்தாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குச் சமமாகக் கோபப்படுகிற ஒரே ஆள் அவள்தான்.

"யக்கா, மேல குளிக்கிற ரூம்பு எப்ப காலியாவும்? அரை மணி நேரத்துக்கு மேல ஆவுது, ஊதா செருப்பக் காணோம். உள்ள இன்னா, கல்யாணமா நடக்குது? நான் எப்ப கழுவறது, எப்ப வூட்டுக்குப் போறது?"

"யாரு உள்ள?"

"அந்த ஆறாம் நம்பரு பொண்ணு. அம்மாக்காரி வெளிய குந்திகினு கீது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எட்டு அறைக்கு ஒரே குளியல் அறை, அதில் அரை மணி நேரமா? நல்ல பெண் என்று நினைத்தேனே! நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று படியேறினேன். என் கோபத்தை நான் வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் திட்ட மாட்டேன். அந்தக் கோபம் இல்லாவிட்டால் நான் நாலு மணி வரை மேசையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

குளியல் அறை வாசலில் அந்தத் தாய் தரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. இன்னொரு கை கதவின்மேல். நகத்தால் கதவை மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தது, சத்தம் வராமல். என்னைப் பார்த்ததும் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. ஆனால் வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை.

"என்னம்மா இது, உங்க பொண்ணு எவ்வளவு நேரம் உள்ளே..." என்று நான் ஆரம்பித்தேன்.

அந்த அம்மா விரலை உதட்டில் வைத்து, "உஷ்" என்றது. பிறகு அந்த விரலாலேயே என் பலகையைக் காட்டியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்தேன். கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் உள்ளேயிருந்து ஈரத் துண்டு ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் கருகின கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. குளியல் அறையில் கஞ்சி வாசனை!

"ஐயோ, கடப்பாரை! கடப்பாரை எடுத்தாடி!" என்று கத்தினேன். மாடியே அதிர்ந்தது. அறைக் கதவுகள் திறந்தன.

வியாசர்பாடிக்காரி சாக்கடை நெம்புகிற கடப்பாரையோடு ஓடி வந்தாள். இரண்டே குத்து. தாழ்ப்பாள் பிய்ந்து கதவு உள்பக்கமாகத் திறந்துகொண்டது. சூடான காற்று முகத்தில் அடித்தது. புகைகூட அவ்வளவாக இல்லை. மகள் சுவரில் சாய்ந்து சரிந்து கிடந்தாள். முன்னால் குமுட்டி அடுப்பு, கரி செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது. மேலே இருந்த சன்னல் துவாரத்திலும் ஒரு பழம்புடவையைச் சுருட்டி அடைத்திருந்தாள். காலில் ஊதாச் செருப்பு.

"மூச்ச உள்ள இயுக்காத யக்கா, காலப் புடி!" என்றாள் வியாசர்பாடிக்காரி. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து நடைக்கு இழுத்தோம். மழைச் சாரல் மகளின் முகத்தில் விழுந்தது. மூச்சு இருந்தது, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. யாரோ ஓடிப்போய் ஆட்டோ கொண்டு வந்தார்கள். நானும் தாயும் அவளை மடியில் போட்டுக்கொண்டு ராயபுரம் பக்கம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். கல்மண்டபம் தாண்டுவதற்குள் என் உயிர் பாதி போய்விட்டது. சாலையெல்லாம் வெள்ளம், கன்டெய்னர் லாரிகள் நகரவே இல்லை. "நைனா, ஓட்டு நைனா, ஓட்டு" என்று ஆட்டோக்காரரைக் கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

வழியெல்லாம் அந்தத் தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளின் காலைத் தடவிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு முறை என் காதருகே வந்து, காற்றுப்போலக் கேட்டது: "மணி என்னம்மா?"

"மூணே முக்கால்."

தலையாட்டிவிட்டு மறுபடி வாயைப் பொத்திக்கொண்டது. மகள் சாகக் கிடக்கிறபோது மணி கேட்கிறதே, என்ன ஜென்மம் இது என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் மகளை உள்ளே தூக்கிப் போனார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் பெண் ஒருத்தி, என் வயதில் பாதி இருப்பாள், வெளியே வந்து என்னைப் பிடித்துக் காய்ச்சினாள். "கரி அடுப்பை யாராவது மூடின ரூம்ல வைப்பாங்களா? அதுல வர்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. ஆளுக்குத் தலை சுத்தும், எழுந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா இங்க கொண்டு வந்திருக்கவே வேண்டாம். ஏன், விடுதியில ஒரு போர்டுகூடவா எழுதி வைக்க மாட்டீங்க?"

போர்டு இருந்தது, அதை எழுதியவளே நான்தான்.

பக்கத்தில் தாய் என் புடவைத் தலைப்பை இழுத்தது. "மணி என்னம்மா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "நாலு அஞ்சு."

"நாலு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

அவ்வளவுதான். வாயிலிருந்து கையை எடுத்தது. "ஐயோ எங்கண்ணே! எம்மகளே!" என்று மாரில் அடித்துக்கொண்டு கதறியது. அந்தக் கட்டடமே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. டாக்டர் பெண் பயந்துபோய், "உயிருக்கு ஒண்ணும் ஆகலம்மா, ஆகலம்மா" என்கிறாள். அழுகைக்கு நடுவே அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது:

"உள்ள தொம்முனு சத்தம் கேட்டுச்சும்மா. கூப்புடலாம்னு வாயத் தொறந்தேன். ரெண்டுலேர்ந்து நாலு வரிக்கும் பேசக் கூடாது, கதவத் தட்டக் கூடாதுன்னு எம்பொண்ணு படிச்சுக் காட்டியிருந்துச்சே. எல்லாரும் தூங்கறாங்களேன்னு நகத்தால சொரண்டிப் பாத்தேன். நாலு மணி ஆவட்டும், அப்புறம் கூப்புடலாம்னு உக்காந்துக்கினு இருந்தேம்மா."

அங்கேயே, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து நான் மேலே போகிற வரைக்கும். மகள் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தோ தெரியாமலோ, பெற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் நன்றியுடையவளாக இருப்பேன் என்று எழுதி வைத்திருந்தேனே, அதற்காக.

மறுநாள் மதியம் மகள் கண்ணைத் திறந்து பேசினாள். தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்கம்மா. கொட்டகையில எடம் இல்ல. அம்மா காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல. தங்குற அறையில மூட்டாதீங்கன்னு எழுதியிருந்துச்சு, அதான் குளிக்கிற அறைக்குப் போனேன். புகை அடுத்தவங்களுக்குத் தொந்தரவு தரக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு, அதான் எல்லாத்தையும் அடைச்சேன். நான் ஏதாவது தப்பாப் படிச்சிட்டேனாம்மா?"

இல்லை, தாயே. ஒரு எழுத்துகூட நீ தப்பாகப் படிக்கவில்லை. எழுதினதில் ஒன்று விடாமல் நடந்துகொண்ட ஒரே ஆள் நீதான். இதை மனசுக்குள்தான் சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உயிர் போகும் என்கிற காரணத்தை விட்டுவிட்டு, அடுத்தவருக்குத் தொந்தரவு என்கிற காரணத்தை எழுதியவள் நான். எனக்கு மரியாதைதான் பெரிதாகத் தெரிந்தது. என் எழுத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்றைக்கே விடுதிக்குத் திரும்பிப் போய், பெரிய பலகையை நானே இறக்கி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். நீல எழுத்து லேசில் போகவில்லை, பாய் அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். வியாசர்பாடிக்காரி எதிரே உட்கார்ந்து மறுமுனையிலிருந்து தேய்த்தாள். பாய்க்குச் சொல்லியனுப்பினேன். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்காக அந்த மனுஷனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். டப்பாவைத் திறந்து, பிரஷை நனைத்து, "சொல்லும்மா" என்றார்.

"'தங்கும் அறை, குளியல் அறை, நடை, எங்கும் அடுப்பு மூட்டக் கூடாது. மூடிய அறையில் கரி அடுப்பு உயிரைக் குடிக்கும். கொட்டகையில் இடம் இல்லையென்றால் மேசையில் வந்து கேளுங்கள்.'"

எழுதினார். 'கூடாது' வந்தபோது ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"அப்பால?"

"'இரண்டு முதல் நான்கு வரை அமைதி. ஆனால் ஆபத்து என்றால் எந்த நேரமும் கத்துங்கள்.'"

பிரஷ் நின்றது. பழைய சுவரில் முழ உயரத்துக்கு இருந்த 'கத்தாதே'யை அழித்ததும் அவர்தான்.

"'கத்துங்கள்'னா மரியாதையா கீதாம்மா? நீ ஒத்துக்க மாட்டியே. 'குரல் எழுப்பவும்'னு போட்டுக்கவா?"

"வேணாம் பாய். கத்துங்கள்னே போடு. பெருசாப் போடு."